ஓரத்தில் இருந்தவர்கள்

பிழைப்புத் தேடி இத்தாலிக்குப் போனவர்களின் படகு கிளம்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஜர்ஜீஸ் என்ற அந்தக் கடலோர ஊரில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. கரையை விட்டு விலகும்போது அதிலிருந்த ஒருவன் தன் அக்காவுக்கு அனுப்பிய பதினான்கு நொடி வீடியோதான் அந்தப் படகிலிருந்து வந்த கடைசிச் செய்தி. போனைப் படுக்கவைத்துப் பிடித்து, படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும்படி எடுத்திருந்தான். அதன் பிறகு யாருடைய போனும் அடிக்கவில்லை.

ஹிந்தா வேலை செய்த வானொலி அலுவலகம் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், மாடியில் இரண்டே அறைகள். வானொலி என்று பெயர்தானே தவிர, ஊர்க்காரர்கள் அதைப் போனில்தான் பார்த்தார்கள். வீடியோ கிடைத்த அன்று முதலாளி லுத்ஃபி அவசரப்பட்டு, படுக்கையாக இருந்த படத்தைப் பிடித்து இழுத்து, நெட்டையான போன் திரை முழுவதும் நிரப்பிப் போட்டுவிட்டார். அகலம் ஒடுங்கி, உயரம் ஏறி, முகங்கள் மூன்று மடங்கு நீண்டுபோயின. ஒரு தகப்பன் படியேறி வந்து, இது என் மகன் இல்லை, ஏதோ ஜின் பிசாசைக் காட்டுகிறீர்கள் என்று கத்திவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் அதை நீக்கினார்கள்.

அதற்குப் பதிலாக இன்னொன்றைச் செய்து கொடுத்தது ஹிந்தா. படத்தை இழுக்கவில்லை. நடுவை மட்டும் வைத்துக்கொண்டு இரு பக்கமும் வெட்டினாள். முகங்கள் சரியாக இருந்தன, திரையும் நிரம்பியது. எல்லோரும் நன்றி சொன்னார்கள். பத்து நாள் அந்த வீடியோதான் கைக்குக் கை போனது.

இப்போது காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கோரிக்கையோடு வந்திருந்தன. படகில் இருந்த அத்தனை பேரும் தெரிய வேண்டும், பெயர்களும் தொலைபேசி எண்ணும் கூடவே இருக்க வேண்டும், இத்தாலியக் கரையில் இருப்பவர்கள் பார்த்தாலும் அடையாளம் சொல்ல முடிய வேண்டும். வீடியோ எடுத்தவனை விட்டுப் பார்த்தால், பட்டியலில் பத்தொன்பது பெயர்கள்.

ஹிந்தா மூல வீடியோவைத் திறந்தாள். அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பிக்சல் புள்ளி, உயரம் ஆயிரத்து எண்பது. போன் திரைக்கு வேண்டியது அதற்கு நேர் தலைகீழ். இந்த முறை எதையும் வெட்டப் போவதில்லை. அகலத்தை ஆயிரத்து எண்பதுக்குச் சுருக்கி, உயரம் அதே விகிதத்தில் தானாகக் குறையட்டும் என்று விட்டாள். அறுநூற்று ஏழரை வந்தது. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, இரட்டை எண்ணாகவும் இருக்க வேண்டும் என்பதால் அறுநூற்று எட்டு. மேலே அறுநூற்று ஐம்பத்தாறு, கீழே அதே அளவு வெற்றிடம். கூடவே போடும் சதுர வடிவத்துக்கு மேலும் கீழும் இருநூற்று முப்பத்தாறு போதும்.

வெற்றிடத்தை நிரப்ப, அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் வைத்துப் பார்த்தாள். வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் கலங்கிய கடல் அவர்கள் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் தளும்பியது. உடனே எடுத்துவிட்டு, அடர்சாம்பல் நிறத்தை வைத்தாள். போனில் திரையின் உச்சியும் அடியும் பொத்தான்களுக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால், பெயர்களைப் படத்தை ஒட்டியே எழுதினாள்.

சரிபார்க்க ஓடவிட்டபோது தலைகளை எண்ணினாள். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினாள். அப்போதுதான் இடது ஓரத்தில், உட்கார இடமில்லாமல் ஒரு டயர் டியூபைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தவனைப் பார்த்தாள். அவன் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

வஜ்தி. பட்டியலில் இல்லாத பெயர். அவள் தெருவில் நான்காம் வீடு. மஹ்பூபாவின் ஒரே மகன்.

ஹிந்தா வீடியோவை நிறுத்தினாள். நடுவை வைத்துக்கொண்டு வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அது அவளுக்குத் தெரியாத கணக்கல்ல. வெட்டிய பகுதியில் யார் இருந்தார்கள் என்று பார்க்காமலே வெட்டியிருக்கிறாள்.

மஹ்பூபாவோ பத்து நாளாக அந்த வெட்டிய வீடியோவைக் காட்டிக் காட்டியே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகன் ஸ்ஃபாக்ஸ் பக்கம் ஒலிவம் பறிக்கப் போயிருக்கிறான், போன் வழக்கம்போல உடைந்திருக்கும், இந்தப் படகில் அவன் இல்லை, நீங்களே பாருங்கள் என்பாள். கரையொதுங்கும் உடல்களை அடையாளம் காண மற்ற தாய்மார்கள் ஆஸ்பத்திரியில் உமிழ்நீர் மாதிரி கொடுக்கப் போனபோது, அவள் துணைக்கு மட்டும் போய் வந்தாள்.

லுத்ஃபியிடம் சொன்னாள். அவர் குனிந்து திரையை நெருங்கிப் பார்த்தார். அந்த ஓரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேட்டதும் தானே தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அதே ஓரத்தில் இருக்கும் பெயர் தெரியாத மற்ற இருவருக்கும் எங்கோ தாய் இருப்பாள் என்றார்.

வெளியிடுவதற்கு முன்னால் ஹிந்தா அந்த வீட்டுக்குப் போனாள். மஹ்பூபா முற்றத்தில் ஒலிவக் காய்களில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிறுவயது முதலே ஹிந்தா அவளைத் தன் அம்மாவின் தங்கைபோலக் காலா என்றுதான் கூப்பிடுவாள்.

"காலா, இது அதே வீடியோதான். ஆனா முழுசா இருக்கு. நானும் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

மஹ்பூபா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். படம் ஏன் இவ்வளவு சின்னதாகப் பட்டைபோல இருக்கிறது என்று கேட்டாள். பதினான்கு நொடி ஓடி முடிந்தது. திரும்ப ஓடியது. மூன்றாவது முறை அவள் கட்டைவிரல் திரையின் இடது ஓரத்தில் போய் நின்றது.

"இவன் முகம் ஒடுங்கி இருக்கு. எம்புள்ள முகம் இப்படி இருக்காது. மொதல்ல செஞ்சாப்ல படத்தைப் புடிச்சு இழுத்திருக்கீங்க."

"இல்ல காலா. இழுக்கல."

"இழுத்திருப்பே. ஒனக்குத் தெரியாமலே இழுபட்டிருக்கும்."

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஹிந்தாவுக்குத் தோன்றியது. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் இன்னும் சில நாள் இந்த முற்றத்தில் ஒலிவம் பொறுக்கப்படும், ஸ்ஃபாக்ஸிலிருந்து ஒருவன் வருவான் என்று சோறு எடுத்து வைக்கப்படும்.

"அவன் கையில இருக்குற டியூபைப் பாருங்க," என்றாள். "இழுத்திருந்தா அது முட்டை மாதிரி நீண்டிருக்கும்."

மஹ்பூபா பார்த்தாள். டியூப் வட்டமாக இருந்தது. ரொட்டிக்கு மாவு தட்டியே பழகியவளுக்கு வட்டம் எது, வட்டமில்லாதது எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அழவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பத்து நாளா இவன் எங்க இருந்தான்?"

"நான்தான் வெட்டிட்டேன், காலா. நடுவுல இருக்குறவங்க பெருசாத் தெரியணும்னு வெட்டிட்டேன்."

மஹ்பூபா மறுபடி ஒலிவக் காய்களில் இலை பொறுக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் ஹிந்தாவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

பொறுக்கியபடியே, அந்தச் சாம்பல் இடத்தில் இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருந்தது. தகப்பன் பெயரோடு சேர்த்து எழுது, வெறும் வஜ்தி என்றால் எத்தனையோ வஜ்தி என்றாள்.

வீடியோ அன்று மாலையே வெளியானது, நெட்டையாக ஒன்று, சதுரமாக ஒன்று. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். சிசிலியிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் வேறு படகைப் பற்றியவை. மறு வாரம் தெற்கே கடல் நான்கு உடல்களைக் கரையில் ஒதுக்கியது. முகங்களைப் பார்த்துச் சொல்லும் நிலையில் அவை இல்லை.

மஹ்பூபா ஆஸ்பத்திரிக்கு ஹிந்தாவோடு போனாள். முன்பு அவள் தோள்கொடுத்து அழைத்து வந்த பெண்கள், அந்த உடல்களைப் பற்றி விசாரிக்க வரிசையில் நின்றவர்கள், இப்போது நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். செவிலி பஞ்சுக் குச்சியை நீட்டினாள். மஹ்பூபா வாயைத் திறந்தாள். முடிவு வர மாதங்கள் ஆகும், வராமலும் போகலாம் என்று அங்கே சொன்னார்கள். அவள் தலையசைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஹிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசிப் பேருந்தும் போய்விட்டது என்று காவலாளி வந்து சொல்லும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.