கிஃப்ட் கார்டில் அபராதம் கேட்ட அதிகாரி

அந்த சூப்பர் மார்க்கெட் மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'அவசரம்'. பால் இறக்குவதும் அவசரம், கண்ணாடி துடைப்பதும் அவசரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரருக்கும் அதே அளவுதான் என்பது முதல் கவுன்ட்டரில் இருந்த கேஷியர் அக்காவின் தீர்ப்பு. அன்றைக்கு அவர் கடை போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கை நிறைய கிஃப்ட் கார்டுகளை அள்ளிவந்து அவள் மேஜையில் கொட்டினார்.

"இதை எல்லாத்தையும் ஏத்தும்மா. ஒவ்வொண்ணுலயும் அஞ்சாயிரம்."

"யாருக்கு சார்?"

"ஏத்தும்மா, அவசரம்."

ஸ்டாண்டில் தொங்கும்வரை அந்தக் கார்டு வெறும் பிளாஸ்டிக். கவுன்ட்டர் மிஷினில் காட்டிப் பணம் ஏற்றினால்தான் அதற்கு உயிர் வரும். அதன்பிறகு பின்பக்கத்து வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, உள்ளே இருக்கும் எண்ணை யார் தெரிந்துகொள்கிறார்களோ அவர்கள் எங்கிருந்தும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். கார்டு கையில் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. அதனால்தான் நிறையக் கார்டு கேட்கிறவர்களை அவள் இரண்டு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

"காசு யார் குடுக்கறாங்க சார்? கல்லாவுல போடணுமே."

அவசரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "தீயணைப்புப் பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து பேசறாங்க. நம்ம கடை மேல கேஸ் ஆயிடுச்சு. பின்வாசல்ல அட்டைப்பெட்டி அடுக்கினதுக்கு அபராதம். மதியத்துக்குள்ள கட்டலைன்னா சீல் வெச்சிடுவாங்களாம். அவங்க பேங்க் லைன் இன்னிக்கு வேலை செய்யலையாம். அதனால கார்டுல ஏத்தி நம்பர் சொன்னா போதும், ரசீது அனுப்பறோம்னு சொல்றாங்க."

கேஷியர் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த கணமே கோபம் வந்தது.

"சார், இது ஏமாத்து வேலை. எந்த ஆபீஸ் சார் அபராதத்தை கிஃப்ட் கார்டுல வாங்கும்? கார்டுல கட்டச் சொன்னாலே திருடன்தான். உங்க முதுகுக்குப் பின்னால போஸ்டரே ஒட்டியிருக்கு. ஒட்டினதே நீங்கதான்!"

அவர் திரும்பிப் பார்த்தார். 'வரி, அபராதம், கட்டணம் எதையும் கிஃப்ட் கார்டில் கேட்டால் அது மோசடி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அது கஸ்டமருக்கு ஒட்டினது. இது கடை விஷயம்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று கேட்டிருக்கிறாள். அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"தலைமை ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க சார்."

"அவங்க ஏற்கெனவே இன்னொரு லைன்ல இருக்காங்களாம். இந்த லைனைக் கட் பண்ணா நான் ஒத்துழைக்கலைன்னு எழுதிடுவாங்களாம். ஊழியர்கள்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. உன்கிட்ட சொன்னதே தப்பு. உன் கேஷியர் நம்பரைப் போட்டு ஏத்து."

அவள் கையை மிஷினிலிருந்து எடுத்துக்கொண்டாள். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு: யார் நம்பரில் வியாபாரம் பதிவாகிறதோ, கல்லா குறைந்தால் அவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். போன வருஷம் ஒருத்தியை வேலையைவிட்டே அனுப்பினார்கள். கேஷியர் அக்காவின் சம்பளம் வருவதற்கு முன்பே வீட்டு வாடகையும் மகளின் காலேஜ் கட்டணமும் அதைப் பங்குபோட்டு வைத்திருந்தன. இந்த வேலை போனால் அவளுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது.

"என் நம்பர்ல ஏத்த மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்லலை சார். போன்ல இருக்கறவன் சொல்றான்."

வரிசையில் முதலாவதாக நின்ற பெயின்டர், கையில் ரொட்டியும் பிஸ்கட்டுமாக எட்டிப்பார்த்தார். "சார், எனக்கும் ஹெல்மெட் போடாம போன அபராதம் ஒண்ணு பாக்கி இருக்கு. இந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்துக் கட்டிடலாமா?"

வரிசை சிரித்தது. அவசரம் மட்டும் சிரிக்கவில்லை. அவமானம் சேர்ந்ததில் அவருக்குப் பிடிவாதம் இன்னும் ஏறிவிட்டது. "நகரு" என்று அவளைத் தள்ளாத குறையாக விலக்கினார். அவள் நம்பரை மூடி, தன் நம்பரைத் தட்டினார். அந்த நம்பர் ஒன்றும் ரகசியமில்லை. யாராவது பொருளைத் திருப்பிக்கொடுத்தால் மேனேஜர் நம்பர் போட்டால்தான் மிஷின் ஏற்கும். கூட்ட நாளில் எழுந்துவரச் சோம்பல்பட்டு, அறைக்குள்ளிருந்தே அதைக் கத்திச் சொல்வார். கடையில் காய்கறி எடைபோடுகிறவர்களுக்குக்கூட அது மனப்பாடம்.

கார்டுகள் ஒவ்வொன்றாக மிஷினில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வெளியே வந்து தொங்கியது. அவர் ஒரு நாணயத்தால் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, எண்களைப் போனில் படிக்க ஆரம்பித்தார். பரீட்சையில் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல அவ்வளவு திருத்தமாகப் படித்தார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பில் போடும்போது ஒரு நாளாவது இந்தக் கவனம் இருந்ததா இந்த மனிதருக்கு!

அவள் தன் செல்போனை எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் செய்தி விடச் சொன்னது. விட்டாள். பிறகுதான் கார்டின் முதுகில் இருந்த உதவி எண் கண்ணில்பட்டது. அடித்தாள். மொழிக்கு ஒன்றை அழுத்தவும். கார்டின் இருப்பு தெரிய இரண்டை அழுத்தவும். புதிய சலுகைகளுக்கு மூன்றை அழுத்தவும். எங்கள் சலுகைகள் மாறியிருப்பதால் கவனமாகக் கேட்கவும்.

"சலுகையா கேட்டேன் நான்? ஆளைக் குடுங்கடா!" என்று அவள் ரெக்கார்டிங்கிடம் கத்தினாள்.

ஒரு வழியாக ஒரு பெண் குரல் வந்தது. கேஷியர் அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் ஒரு கேள்விகூட வீணாகக் கேட்கவில்லை. "ஏத்தின சீட்டு கைல இருக்கா? அதுல இருக்கற கார்டு சீரியல் நம்பரைச் சொல்லுங்க. இன்னும் செலவாகாதது இருந்தா நிறுத்திவைக்கறேன்."

அவள் சீட்டுகளைக் கிழித்து வைத்துக்கொண்டு படித்தாள்.

"முதலாவது காலி. உடனே எடுத்துட்டாங்க. அடுத்தது சொல்லுங்க... அதுவும் போயிடுச்சு. மூணாவது... அதுவும்."

ஒரே மேஜையில், ஒரு பக்கம் அவர் திருடனுக்குப் படித்தார். மறுபக்கம் அவள் காவலுக்குப் படித்தாள்.

"குறுக்க பேசாதம்மா, நம்பர் தப்பாயிடும்!" என்றார் அவர்.

"தப்பா சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அவள் வரிசைப்படி படிப்பதை விட்டுவிட்டு, அடியிலிருந்த சீட்டைப் படித்தாள். அவர் இன்னும் அந்தக் கார்டுக்கு வரவில்லை. "இது இருக்கு, நிறுத்திட்டேன்" என்றாள் அந்தப் பெண். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று அவள் பின்னாலிருந்து ஏறிவந்தாள். அவர் முன்னாலிருந்து இறங்கிவந்தார்.

அவர் அடுத்துப் படித்த கார்டு எண் போனில் இருந்தவனுக்கு வேலை செய்யவில்லை. மறுபடி படிக்கச் சொன்னான். படித்தார். அதற்கடுத்தது. அதுவும் வேலை செய்யவில்லை. அதுவரை 'சார், தயவுசெய்து' என்று பேசிக்கொண்டிருந்த அதிகாரி, இப்போது அவருடைய அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். கடைபோன் சத்தமாகவே பேசும். வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

அவசரம் போனைக் கீழே வைத்தார். சுரண்டிய வெள்ளித் தூள் அவர் நகமெல்லாம் ஒட்டியிருந்தது.

"ஆபீசர் அப்படிப் பேச மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

அவள் சீட்டுகளைப் பிரித்து எண்ணினாள். பாதிக் கார்டு பிழைத்தது, பாதி போய்விட்டது. அவள் முதலில் சொன்னபோதே கேட்டிருந்தால் ஒன்றுகூடப் போயிருக்காது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. உதவி எண்காரி கடைசியாகச் சொன்னதை அவள் அவருக்கு ஒப்பித்தாள்: கார்டுகளையும் சீட்டுகளையும் தூக்கிப்போடாதீர்கள், போலீசில் புகார் கொடுங்கள், போனதைத் திருப்பித் தருகிறோம் என்று நாளைக்கு இன்னொருவன் கட்டணம் கேட்பான், அவனும் இதே கூட்டம்தான்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "நீ இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்மா."

கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த அவளுக்கு அந்த மேஜையையே புரட்டிப்போடலாம்போல இருந்தது. அதற்குள் கடைபோன் மறுபடி அடித்தது. அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

"எடுக்காத! அவனுங்கதான்!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் எடுத்தாள். தலைமை ஆபீஸ் கணக்குப் பிரிவு. அவள் விட்ட செய்தியைக் கேட்டிருந்தார்கள். கல்லாவில் காசு வராமல் இத்தனை கார்டு ஏறியிருப்பதையும் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார்கள். மேனேஜரைக் கொடுக்கச் சொன்னார்கள்.

"நிஜமா அவங்கதான் சார். பேசுங்க."

"எப்படி நம்பறது?"

"இவங்க கார்டு கேக்கலை சார். உங்களைத்தான் கேக்கறாங்க."

அவர் போனை வாங்கினார். அந்தப் பக்கக் குரல் அவளுக்கும் தெளிவாகக் கேட்டது. "உங்க நம்பர்ல ஏறியிருக்கு. ஆனா உங்க நம்பர் அங்க எல்லாருக்கும் தெரியும்னு எங்களுக்கும் தெரியும். முதல் கவுன்ட்டர் மிஷின். ஏத்தினது யாரு?"

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் வீட்டுக் கடன், அவர் பிள்ளைகள், இந்த வயதில் இன்னொரு வேலை தேட வேண்டிய பயம் எல்லாம் இருந்தன. அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததில்தான் பயமே வந்தது. நான் இல்லை என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"முதல் கவுன்ட்டர்ல எப்பவும் அந்த அம்மாதான் இருக்கும்" என்றார் அவர்.

பெயின்டர் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவளுடைய கை சீட்டுகளை நசுக்கிக்கொண்டிருந்தது.

அவசரம் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "ஆனா ஏத்தினது நான். அந்த அம்மா வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச்சு. நான் கேக்கலை."

தனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தாள். அழுகைதான் வந்தது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்த மனிதருக்கு, அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்க மட்டும் ஏன் முடியாமல் போயிற்று என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை அது.