இரண்டும் சரி

சனிக்கிழமை ஆங்கில வகுப்பு முடிந்ததும் அகஸ்ரின் அண்ணை மகளின் இத்தாலிய இலக்கணப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தார். தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் வகுப்பு அது. அவர் சங்கத் தலைவர். நான் மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவள். பலெர்மோவுக்கு வந்தபின் பொலிதேயாமா பக்கத்தில் வயதான ஒரு இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, அவர் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் திரும்பவும் ரீச்சர்.

அவர் கேட்க வந்தது ஆண்டிறுதிப் பரீட்சையின் ஒரு கேள்வியைப் பற்றி. '-ing' என்று முடியும் சொல்லின் கீழே கோடு போட்டு, அது ஜெரண்ட் என்றால் G, பிரசன்ட் பார்ட்டிசிப்பிள் என்றால் P என்று எழுதச் சொல்லியிருந்தேன். "Singing makes her happy" என்பதில் அது G. பாடுவது அவளை மகிழ்விக்கிறது. பாடுவது என்பது இங்கே ஒரு பெயர். "The girl singing on the stage is my cousin" என்பதில் P. மேடையில் பாடுகிற பிள்ளை என்று அந்தப் பிள்ளையைச் சுட்டிக்காட்டுகிறது. "He left without eating" என்பதில் without என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதால் G. இவற்றையெல்லாம் பிள்ளைகள் ஒருமாதிரிச் சமாளித்துவிட்டார்கள். "My mother is cooking" என்ற வசனத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் விழுந்தார்கள். G என்று எழுதியிருந்தார்கள்.

ஏன் விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் இத்தாலியில் பிறந்து இத்தாலிப் பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள். 'அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறா' என்பதை அங்கே 'sta cucinando' என்று எழுதுவார்கள். அந்த 'cucinando'வுக்கு இத்தாலிய இலக்கணம் வைத்திருக்கும் பெயர் ஜெருந்தியோ. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் ஆங்கிலத்திலும் அதே பொருள்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'Is' என்பதோடு சேர்ந்து ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும்போது அது பார்ட்டிசிப்பிள். 'Singing makes her happy' என்பதில் வரும் ஜெரண்டுக்கோ இத்தாலியன் 'cantare' என்ற வேறு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. நல்ல பிள்ளைகள் செய்கிற பிழை. எனக்கு அதில் கோபமில்லை. அடுத்த கிழமை திரும்பப் படிப்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பிழை இல்லாமல் எழுதியவள் துசானி ஒருத்திதான். பிரான்காச்சோவிலிருந்து தாயோடு பஸ்ஸில் வரும் பிள்ளை, பன்னிரண்டு வயது. அவளுக்கு முழுப் புள்ளி. அகஸ்ரின் அண்ணையின் மகள் மொனிகாவுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் பிழை. முதலாவதாக வரும் பிள்ளை ஆண்டு விழாவில் ஆங்கில வரவேற்புரை செய்யும். அது சங்கம் வைத்த வழக்கம். மொனிகாதான் வருவாள் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவுசெய்திருந்தார்கள். உரை எழுதி மனப்பாடமாகிவிட்டது. சேலைக்குச் சட்டையும் தைத்தாயிற்று.

அகஸ்ரின் அண்ணை புத்தகத்தை விரித்து ஜெருந்தியோ என்ற தலைப்பில் விரலை வைத்தார்.

"ரீச்சர், அச்சடிச்ச புத்தகத்திலை கிடக்கு. பிள்ளையள் இதைத்தான் படிக்குதுகள்."

அது இத்தாலியனுக்கான புத்தகம், ஆங்கிலத்துக்கு இல்லை என்று விளக்கினேன். ஒரு சோதனையும் காட்டினேன். "My mother's job is cooking" என்று எழுதினால் அது ஜெரண்ட். அம்மாவின் வேலையும் சமையலும் ஒன்று என்று வசனம் சொல்கிறது. Cooking இருந்த இடத்தில் வேறொரு பெயரை வைத்தாலும் வசனம் நிற்கும். "My mother is cooking" என்பதிலும் அது ஜெரண்ட் என்று பிடித்தால், அம்மாதான் சமையல் என்று வந்துவிடும்.

அவர் சிரித்தார். "எங்கட வீட்டிலை அப்பிடித்தான் ரீச்சர்."

நானும் சிரித்திருக்கலாம். ஆனால் என் கண் வாசலுக்குப் போனது. காலை முழுக்க இன்னொருத்தியின் குசினியில் நின்றுவிட்டு வரும் பெண்கள் மண்டபத்து வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்பதும் அவளே அந்த வேலைதான் என்பதும் ஒன்றல்ல. மொழி அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன்.

அவர் விடவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"ரண்டும் சரி எண்டு போடுங்கோ. ஒருதருக்கும் நட்டமில்லை."

"ஒரு பிள்ளைக்கு நட்டம், அண்ணை."

"அவள் சின்னப்பிள்ளை. வாற வருசம் பேசட்டும்."

புள்ளிகளை மாற்ற மாட்டேன் என்றேன். பார்ப்போம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார்.

இரண்டு நாட்களின் பின் பல்லரோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது துசானியின் தாய் குகனேஸ்வரி என்னைத் தேடி வந்தாள். விசயம் அவள் காதுக்குப் போயிருந்தது. சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து ஒதுக்கிக் கூட்டிப்போனாள்.

எங்கள் ஆட்களுக்குள் வேலை கைமாறும் விதம் இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போகிறவள் தன் சிஞ்ஞோராவின் வீட்டை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வாள். குகனேஸ்வரி இப்போது வேலை செய்யும் வீடு அகஸ்ரின் அண்ணையின் மனைவி றெபேக்கா அப்படிக் கொடுத்தது. அந்த வீட்டை நிரந்தரமாகவே விட்டுத்தருவதாக றெபேக்கா சொல்லியிருந்தாள். நிரந்தர வேலை ஒப்பந்தம் இல்லாமல், இத்தாலியில் தங்குவதற்கான குகனேஸ்வரியின் பெர்மெஸோவைப் புதுப்பிக்க முடியாது.

"றெபேக்கா அக்கா ஒண்டும் சொல்லேல்லை, ரீச்சர். அவ சொல்லவும் மாட்டா. எனக்குத்தான் பயமாக் கிடக்கு. நீங்கள் கோவிச்சுப்போட்டு உங்கட வீட்டை போயிடுவியள். நான் நாளைக்கும் அவ தந்த வீட்டுத் திறப்போடைதானே வேலைக்குப் போகவேணும்."

"துசானி என்ன சொல்லுறாள்?"

"அவளிட்டை நான் கேக்கேல்லை."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் அவள் மேலேயே எரிச்சல்பட்டேன். தன் பிள்ளைக்காகக்கூட நிமிர்ந்து நிற்காத தாய் என்று மனசுக்குள் திட்டினேன். பிறகு அந்த எரிச்சலைத் திருப்பிப் பார்த்தேன். நான் நிமிர்ந்து நிற்பதற்கான விலையை அவள்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அது சுலபம். என் சிஞ்ஞோராவை எனக்குத் தந்தது சங்கம் இல்லை. அடுத்தவளின் பெர்மெஸோவை வைத்து வீரம் காட்டுவதில் ஒரு ருசி இருக்கிறது என்பதும், அந்த ருசி என் நாக்கில் ஏற்கனவே பட்டுவிட்டது என்பதும் தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிரக் கோபம் போகவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு வந்தன.

புள்ளிகளை நான் திருத்தவில்லை. போட்டபடியே சங்கத்துக்கு அனுப்பினேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அகஸ்ரின் அண்ணை வகுப்புக்கு வந்து, அந்தக் கேள்விக்கு இரண்டு விடையும் சரி, மொனிகாவும் துசானியும் சேர்ந்து முதலாமிடம், மூத்தவள் என்றபடியால் மொனிகா உரை செய்வாள் என்று அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். துசானியும் தட்டினாள். நான் வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அவர் போனபின் படிப்பைத் தொடங்கினேன். பலகையில் புது வசனங்கள் எழுதினேன். "The baby is sleeping." "Sleeping late is a bad habit." "I heard a barking dog." "Thank you for coming." கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு துசானியிடம் வந்தேன். ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் G, P என்று இரண்டு எழுத்தையும் எழுதியிருந்தாள். அழகான எழுத்து. ஒன்றில்கூட வெட்டுக் கொத்து இல்லை.

"இது என்ன, துசானி?"

"ரண்டும் சரிதானே ரீச்சர். எது வேணுமோ எடுங்கோ."

குரலில் குறும்பு இல்லை. அழுகையும் இல்லை. பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை மூடினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் நேரஞ்செல்லத் தூங்குவது கெட்ட பழக்கம் என்பதும் வேறு வேறென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து பிரயோசனமில்லை என்பதை நாங்கள் பெரியவர்கள் சேர்ந்து அவளுக்கு ஒரே கிழமையில் படிப்பித்து முடித்துவிட்டோம். அதுவரை எனக்கிருந்தது ஒரு ஆசிரியையின் கோபம். அதற்குப் பிறகு வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஆண்டு விழாவுக்கு மிலானோவிலிருந்தும் ரெஜ்ஜோவிலிருந்தும் சங்க ஆட்கள் வந்திருந்தார்கள். மொனிகா சேலையில் உயர்ந்து தெரிந்தாள். உரையைத் தடங்கலில்லாமல் செய்தாள். பிள்ளையில் ஒரு குறையும் இல்லை, அவளுக்கு ஒருவரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. துசானி எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆசிரியர்களைக் கௌரவிக்கும் நேரம். தமிழ் ரீச்சர் மேடைக்குப் போய்ப் பொன்னாடை வாங்கிக்கொண்டு இறங்கினார். அடுத்ததாக அகஸ்ரின் அண்ணை என் பெயரைச் சொன்னார். பிள்ளைகளின் ஆங்கில அறிவு என் உழைப்பின் பலன் என்றும் சொன்னார்.

நான் எழும்பவில்லை.

திரும்பவும் கூப்பிட்டார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. குகனேஸ்வரி எட்டி என் முழங்கையைத் தொட்டு, எழும்புங்கோ ரீச்சர் என்று கெஞ்சினாள். ஏன் எழும்பவில்லை என்று அந்த மண்டபத்துக்குச் சொல்லியிருந்தால் என் நெஞ்சு ஆறியிருக்கும். சொன்னால் அது துசானியின் பெயரோடுதான் போகும், அங்கிருந்து அவள் தாயின் கையிலிருக்கும் வீட்டுத் திறப்புக்குப் போகும். அதனால் என்னை மட்டும் பாதிக்கக்கூடியதையே செய்தேன். றெபேக்கா பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கி என்னிடமே வந்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். அவள் கை அந்தரத்தில் நின்றது. ரீச்சருக்குச் சுகமில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. மொனிகா மட்டும் கையில் தட்டோடு வந்தாள். சேலைத் தலைப்பு இறங்கி நிலத்தில் இழுபட்டது.

"ரீச்சர், நான் எழுதினது பிழையோ?"

"ஓம். பிழை."

அவளுடைய வாய் சத்தமில்லாமல் அசைந்தது.

"Cooking is hard எண்டால்தான் G. அம்மா is cooking எண்டால், அவ அதைச் செய்துகொண்டு நிக்கிறா. P."

"சரி."

"அப்ப துசானி தனியத்தான் ஃபேர்ஸ்ட்." அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு கேட்டாள். "இது அப்பாக்குத் தெரியுமோ?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும். மூன்று மேசைகளுக்கு அப்பால் குகனேஸ்வரி விருந்தாளிகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அப்பாக்கு நான் சொன்னனான்," என்றேன். "மிச்சத்தை அப்பாட்டைக் கேள்."

மொனிகா தட்டை என் மேசையில் வைத்தாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிலானோ ஆட்களுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்த தகப்பனை நோக்கி நடந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை.