தந்திக்கு மெருகு

எங்கள் ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைப் பார்த்துக் கணினியில் அடிப்பது என் வேலை. பார்த்து அடிப்பதற்கு ஒரு படித்த ஆள் எதற்கு என்று என் மாமனார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் அவரை எங்கள் பதிப்பாசிரியரிடம் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். வெறுமனே பார்த்து அடித்தால் அந்தப் பதிப்பாசிரியருக்குப் போதவே போதாது.

பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் மெருகு சார். கெட்ட மனிதர் இல்லை. செத்துப்போனவர்கள் எல்லாரும் இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கலாம் என்று உண்மையாகவே வருத்தப்படுகிறவர். அவர்களால் இனித் திருத்த முடியாது என்பதால் அந்தப் பாரத்தைத் தானே சுமக்கிறார். அவர் கைபட்ட பிறகு சமையல்காரர் எழுதிய சாமான் சீட்டும் துணைவேந்தர் உரை மாதிரி இருக்கும்.

அந்த வருடம் நாங்கள் ஒரு பாலம் கட்டிய பொறியாளரின் காகிதங்களைப் புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய ஒரே மகள் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதனால் அவர் எங்களுக்குப் பெட்டிக்காரம்மா. பெட்டியில் இருந்தவை வரைபடங்கள், சிமெண்ட் கணக்கு, மேலதிகாரிகளோடு சண்டை போட்ட ஆங்கிலக் கடிதங்களின் நகல்கள். வீட்டு விஷயமாக இருந்தது ஒன்றே ஒன்று, ஒரு தந்தி. மகள் பிறந்த செய்தி கேட்டு, பாலத்து வேலை நடந்த இடத்திலிருந்து அவர் மனைவிக்கு அடித்தது. அந்த வாரமே ஆற்று வெள்ளம் அவரைக் கொண்டுபோய்விட்டது. மகளை அவர் பார்க்கவே இல்லை. அவர் மகளைப் பற்றிச் சொன்னதாக உலகத்தில் இருப்பது அந்தத் தந்தி மட்டும்தான்.

தந்திப் படிவத்தில் அச்சடித்த நாடாத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். நான் இருந்தது இருந்தபடி அடித்தேன்:

YR WIRE RECD VERY HAPPY STOP
RIVER RISING CANNOT LV SITE STOP
KEEP BABY WARM STOP
LETTER FOLLOWS

உன் தந்தி கிடைத்தது, ரொம்ப சந்தோஷம். ஆறு ஏறுகிறது, இடத்தை விட்டு வர முடியாது. குழந்தையைக் குளிர் படாமல் பார்த்துக்கொள். கடிதம் பின்னால் வருகிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு வாங்கின காலத்தில் ‘ரொம்ப’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறாரே, அதிலேயே எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று.

மெருகு சார் என் திரையைப் பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

“என்னப்பா இது, மனுஷன் பெண்டாட்டிகிட்ட இப்படியா கத்துவான்? எல்லாம் கேப்பிடல்ல இருந்தா இந்தக் காலத்துப் பிள்ளைங்க திட்டுறதா நெனச்சுக்கும்.”

“சார், அது தந்தி மெஷின். அதுல சின்ன எழுத்தே கிடையாது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். கேப்பிடல் மெஷினோடது, அவரோடது இல்ல. அப்புறம் அதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறே?”

இங்கேதான் அவர் ஆபத்தானவர். சொன்னது சரி. பொறியாளர் கையால் எழுதிக் கொடுத்த தாள் அனுப்பிய ஊர்த் தபால் ஆபீசிலேயே தங்கி, என்றோ குப்பைக்குப் போயிருக்கும். அவர் பெரிய எழுத்தில் எழுதினாரா, சின்ன எழுத்தில் எழுதினாரா என்று யாருக்கும் தெரியாது. நம் கையில் இருப்பது இந்த முனையில் மெஷின் அடித்துத் தள்ளியது.

“சரி சார், அவரோடது இல்லைதான். ஆனா அவங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது இதுதானே? மாத்தறதா இருந்தா மேல இதையும் போட்டு, கீழ படிக்கிற மாதிரி ஒண்ணு போடுவோம். நாம சேர்த்ததைப் பகர அடைப்புக்குள்ள காட்டிடுவோம்.”

“அடைப்புக்குறி போட்டா பக்கம் வேலி கட்டின மாதிரி இருக்கும்.”

“அப்போ சுருக்கத்தையாவது விட்டுடுங்க சார். RECD-ன்னு அடிச்சாலும் ஒரு சொல், முழுசா அடிச்சாலும் ஒரு சொல். காசு மிச்சம் இல்ல. அவர் அவசரத்துல சுருக்கினாரா, தந்தி ஆபீஸ்காரர் சுருக்கினாரான்னு நமக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னா தெரிஞ்ச மாதிரி எழுதறதுதான்ப்பா பதிப்பாசிரியர் வேலை.” இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

பெரிய எழுத்து சின்ன எழுத்தானதும் வரிகள் மொட்டையாகத் தெரிந்தன. அதனால் சுருக்கங்களை விரித்தார். விரித்ததும் வாக்கியம் நொண்டியது. அதனால் ‘நான்’ சேர்த்தார், ‘ஆகையால்’ சேர்த்தார், ‘தற்சமயம்’ சேர்த்தார். வாக்கியம் நடந்ததும், தந்தியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக வரும் STOP எல்லாம் வழியில் கிடக்கும் கல்லாகப் பட்டது, எடுத்துப் போட்டார். கடைசியில் ‘கடிதம் பின்னால் வருகிறது’ மீது கை வைத்தார்.

“நம்மகிட்ட அந்தக் கடிதம் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ வாசகன் அடுத்த பக்கத்துல தேடுவான். எடுத்துடு. எல்லாத் தந்தியிலயும் சும்மா போடுற வரிதானே.”

இப்படியாக ஒரு சின்ன எழுத்துக்கு ஆசைப்பட்டு ஆரம்பித்தது ஒரு முழுக் கடிதமாக வளர்ந்து நின்றது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘உன் செய்தி கிடைக்கப்பெற்றேன். நான் மிகவும் மகிழ்ச்சி அடைகிறேன். ஆற்றில் நீர் உயர்ந்துவருகிறது; ஆகையால் தற்சமயம் என்னால் இவ்விடத்தை விட்டு வர இயலவில்லை. தயவுசெய்து குழந்தையைக் கதகதப்பாக வைத்துக்கொள்.’ பெண்டாட்டிக்குத் ‘தயவுசெய்து’. பொறியாளருக்கு எங்கள் காப்பகம் வழங்கிய மரியாதை.

நான் ஆட்சேபித்து ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். அதையும் அவர் மெருகேற்றித் திருப்பித் தந்தார்.

மெய்ப்புப் படிகள் தயாரானதும் குடும்பத்தின் சம்மதத்துக்காகப் பெட்டிக்காரம்மாவுக்கு ஒரு படி போயிற்று. ஒவ்வொரு காகிதமும் நல்ல தாளில், சாய்வெழுத்தில், மேலே தேதியோடு. தந்தி என்கிற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை, அதுவும் அழகுக்கு இடைஞ்சலாம்.

படி போய்ச் சேர்ந்த அன்று காலை அவருடைய மகன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், அம்மா இப்பவே அங்க வரணும்னு நிக்கறாங்க. அந்த ஒரு பக்கத்தைப் படிக்கறாங்க, மூடறாங்க, மறுபடி படிக்கறாங்க. சாப்பிடக் கூப்பிட்டாலும் காதுல விழல. கூட்டிட்டு வரட்டுமா?”

மெருகு சாருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா? கேப்பிடல்ல போட்டிருந்தா இப்படி ஒரு பாராட்டு வருமா?” என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாசிப்பறையின் நீள மேசையைத் துடைக்கச் சொன்னார். நானும் துடைத்தேன், வேறு என்ன செய்ய.

பெட்டிக்காரம்மா வந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு, ஆனால் மாடிப்படியை மகன் கையைத் தட்டிவிட்டு ஏறியிருந்தார். மெய்ப்புப் பக்கத்தைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“எங்க கிடைச்சுது தம்பி?”

எனக்கு விளங்கவில்லை. “எது அம்மா?”

“கடிதம். அப்பா எழுதின கடிதம். தந்தியில வருதுன்னு சொன்னாரே, அது. வரைபடத்துக்குள்ள சுருட்டியிருந்துதா? நான் அந்தப் பெட்டிய எத்தனை தடவ கவிழ்த்துப் பாத்திருக்கேன் தெரியுமா? எங்கம்மா சாகற வரைக்கும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்குப் போவாங்க.” அவர் பக்கத்தை வெளியே எடுத்துத் தடவினார். “தந்தியில சொன்ன அதே விஷயந்தான். ஆனா பாரு, நிதானமா உக்காந்து எழுதியிருக்காரு. தயவுசெய்துன்னெல்லாம். எனக்கு இப்போ மூலத்தைக் காட்டு. நான் அவர் கையெழுத்தை இந்த மாதிரி ஒரு விஷயத்துல பாத்ததே இல்ல. கணக்குலதான் பாத்திருக்கேன்.”

நான் மெருகு சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார். கேலி செய்தே பழகிப்போன எனக்கு அந்த நிமிடத்தில் ஒரு கேலியும் வரவில்லை. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான்தான் பிடுங்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மூல உறையை எடுத்துவந்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். பழுப்பேறிய படிவம், ஒட்டிய நாடாத் துண்டுகள், மொத்தமும் பெரிய எழுத்து.

“இதுதான் அம்மா மூலம்.”

“இது என் தந்தி. நான் கொடுத்தது. கடிதம் எங்க?”

“கடிதம் இல்லம்மா. இந்தத் தந்தியத்தான் நாங்க... படிக்க நல்லா இருக்கட்டும்னு சின்ன எழுத்தாக்கி, வார்த்தை சேர்த்து அப்படிப் போட்டுட்டோம்.”

கொஞ்ச நேரம் அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை நாடாவின் ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்து, பிறகு தாளில் அதே சொல்லைத் தேடினார். ‘தயவுசெய்து’வுக்கு நாடாவில் ஜோடி கிடைக்கவில்லை. அங்கே விரல் நின்றுவிட்டது. மகன் அம்மாவின் தோளைத் தொட்டார். அவர் அசையவில்லை.

மெருகு சார் தொண்டையைச் செருமினார். “அம்மா, எல்லாம் கேப்பிடலா இருந்தா உங்க அப்பா கத்தற மாதிரி...”

“கத்தட்டுமே,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வேற எப்படிப் பேசுவாரு? இந்த நாலு வரிதான் அவருக்கு முடிஞ்சது. அதனாலதான் அது போதும்னு இருந்தேன். நீங்க போட்டிருக்கிறதைப் பாத்தா, ஒரு முழுத் தாள் கையில இருந்தும் என்னைப் பத்தி ஒரே வரி எழுதிட்டுப் போன ஆள் மாதிரி இருக்காரு. அதையும் நான் காலையிலேர்ந்து பொறுத்துக்கிட்டேன். கடிதம் வந்துச்சேங்கற சந்தோஷத்துல.”

மெருகு சார் பேனாவை மூடினார். அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“இருந்தபடியே போட்டுடறோம்மா,” என்றேன். “பெரிய எழுத்து, சுருக்கம், STOP, எல்லாம். அர்த்தத்தைத் தனியா அடிக்குறிப்புல, எங்க வார்த்தைன்னு சொல்லியே போடறோம்.”

“கடைசி வரி?”

“அதுவும் வரும்.”

மெருகு சார் மெதுவாகச் சொன்னார். “அப்படிப் போட்டா நாலு வரியில முடிஞ்சுடும்மா. கீழ முக்கால் பக்கம் காலியா நிக்கும். அங்க அவர் கட்டின பாலத்தோட படம் ஒண்ணு...”

“ஒண்ணும் வேண்டாம்.” பெட்டிக்காரம்மா மெய்ப்புத் தாளை நான்காக மடித்து மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். “காலியாவே விடுங்க. கடிதம் வந்தா அங்க போட்டுக்கலாம்.”