அப்பா கையெழுத்துக் கட்டம்

“அந்தக் கட்டத்துல நீ எப்படிக்கா கையெழுத்துப் போடலாம்? கெட்டுது குடி!”

விடிந்தும் விடியாததுமாக அம்மாவின் தம்பி போட்ட சத்தத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மகளின் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற கட்டத்துக்குள் அவள் பெயர் ஈரம் காயாமல் கிடந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வெந்நீரிலும் சோப்புக் காரத்திலும் ஊறிய விரல்களால் எழுதிய எழுத்து, கொஞ்சம் கோணல்தான்.

“அந்தாளு எங்க இருக்கான்னு தெரியும்ல? நான் வண்டியில போய் வாங்கிட்டு வரேன்.”

“பதினோரு வருஷமா எட்டிப் பாக்காத மனுஷன்கிட்டப் போய் என் பொண்ணு படிக்கலாமான்னு கேக்கணுமா?” என்றாள் அம்மா. மாமா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். மகள் படிவத்தை எடுத்து உறைக்குள் வைத்தாள்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் அவள். அன்று மதியம் ஒரு மணிக்குள் சேர்க்கை எண் வாங்காவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

எட்டு மணிக்கே போயும் டோக்கன் அறுபத்து மூன்று. முதல் கவுண்டரில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அம்மாள் மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் பிடித்தார்.

“யாரும்மா இதை லேமினேஷன் பண்ணது? பின்பக்கம் முத்திரை எங்க குத்துறது, உன் தலையிலயா?”

நனைந்துவிடக் கூடாதே என்று ஆசை ஆசையாய்ச் செய்தவள் அம்மா. அவள் தலை கவிழ்ந்தது. நல்லவேளை, அந்த அம்மாள் நகலில் ‘அசல் பார்க்கப்பட்டது’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், மூன்று செட் நகல், எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த வரிசைக்கு ஓடினார்கள்.

இரண்டாவது கவுண்டருக்கு வந்தபோது பன்னிரண்டே கால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா படிவத்தைப் புரட்டி, கையெழுத்துக் கட்டத்தில் விரலை ஊன்றினார்.

“அப்பா எங்க?”

“எங்களோட இல்ல சார்.”

“செத்துட்டாரா? இறப்புச் சான்றிதழ் குடு.”

“உயிரோடதான் இருக்காரு. விட்டுட்டுப் போயிட்டாரு.”

பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் காது நீண்டது. மகளுக்கு முகம் எரிந்தது.

“அப்போ இது செல்லாது. அந்தா நிக்கிறாரே, அவரு யாரு? மாமாவா? அவரைப் போடச் சொல்லு. ஆம்பளை கையெழுத்து ஒண்ணு இருந்தாப் போதும். சீக்கிரம், கூட்டம் நிக்குது.”

மாமா மடமடவென்று சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பாவி மனுஷன், நல்லதுக்குத்தான் தேடினார்! சொந்த அக்கா மகளாகவே இருந்தாலும் அவள் எந்த வகுப்பில் படித்தாள் என்று அவருக்குத் தெரியாது. வளர்த்தவள் கையெழுத்துப் போட்டால் செல்லாது, வண்டியோட்டி வந்தவர் போட்டால் செல்லும். என்ன நியாயமோ!

“வேணாம் மாமா.” மகள் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருபது விதிகள். யாரும் படிப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாததால் அவள் மட்டும் ஒன்று விடாமல் படித்திருந்தாள். “ஆறாவது விதி சார். ‘தாய் அல்லது தந்தை அல்லது சட்டப்படியான காப்பாளர்.’ தாய்தான் முதல்ல இருக்கு.”

“இருபது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். எனக்கே சட்டம் சொல்றியா?”

“நீங்க அச்சடிச்சுக் குடுத்ததைத்தான் சார் படிச்சேன்.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குமாஸ்தா எழுந்து மேலதிகாரியைக் கேட்க உள்ளே போனார். கடிகாரம் பன்னிரண்டு நாற்பதைத் தாண்டியது. அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே, “மாமாவே போட்டுட்டுப் போகட்டுமேடி, இடம் போயிடப் போகுது” என்று கெஞ்சினாள். மகளும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனாலும் கவுண்டர் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் படிவத்தில் முத்திரையைக் குத்தித் தள்ளினார். முன்பே கட்டிய கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது கவுண்டருக்கு மூச்சிரைக்க ஓடினார்கள். ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது இயந்திரம் சேர்க்கைச் சீட்டைத் துப்பியது.

எண் இருந்தது. அவள் பெயர் இருந்தது. ‘பெற்றோர்’ என்ற இடத்தில், ஓடிப்போனவன் பெயர். அம்மா பெயர் எங்கேயும் இல்லை.

“பள்ளிச் சான்றிதழ்ல இருக்கிற பேர் தானா வந்துடும்மா” என்றாள் கணினிக்காரி. “மாத்தணும்னா ஏழாவது கவுண்டர். ரெண்டு மணிக்குத் திறப்பாங்க.”

“அதான் இடம் கிடைச்சாச்சே, வாங்க போலாம்” என்றார் மாமா. மகள் போய்ப் பூட்டிய ஏழாவது கவுண்டர் முன்னால் நின்றாள். அம்மாவும் சாப்பிடப் போகாமல் கூடவே நின்றாள்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர் நீட்டிய, தாய் பெயரைச் சேர்க்கும் திருத்தப் படிவம் ஒற்றைப் பக்கம்தான். கடைசிக் கட்டத்தில் அச்சடித்திருந்தது: ‘இத்திருத்தத்துக்குத் தந்தையின் சம்மதக் கையொப்பம்.’

மகள் அவசரமாகப் பின்பக்கம் திருப்பினாள். விதி எதுவும் இல்லை, வெற்றுத்தாள்.

“பேனாவை இப்படிக் குடு” என்றாள் அம்மா. ‘தந்தையின்’ என்ற சொல்லின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். கீழே தன் பெயரை முழுசாக எழுதி, படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

“வாங்கிக்கோங்க சார். நாங்க நிக்கிறோம்.”