விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்

கிளைத் தலைவர் பதவிக்கு விண்ணப்பிக்கப் போவதை, பதினோரு வருடமாகப் பக்கத்து மேசையில் இருந்த தோழியிடம் மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் அந்தத் தோழிதான். அதே தோழி சத்தமில்லாமல் தானும் விண்ணப்பித்துப் பதவியை வாங்கிவிட்டாள். பதவியேற்ற முதல் நாளே தோழியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, வட்டார மேலாளருக்கும் ஒரு நகலோடு: "உன்னிடமுள்ள வாடிக்கையாளர் கோப்புகளை இன்றே அனுப்பு."

"அனுப்பியாச்சு" என்று இவள் பதில் தட்டினாள். படிக்கிறவருக்குக் கதவை முகத்தில் அறைந்து சாத்தியதுபோல் இருக்கும். மேலாளரும் படிப்பார். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "வணக்கம். நீங்கள் கேட்ட கோப்புகளை இணைத்திருக்கிறேன். ஏதேனும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறேன். நன்றி."

ஐந்து நிமிடத்தில் தோழி மேசைக்கே வந்துவிட்டாள்.

"என்னடி, எனக்குப் போய் 'நீங்கள்'னு எழுதியிருக்க? நாலு வார்த்தை திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்."

"கோப்புல ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்ல, எல்லாம் இருக்கு."

"அப்ப சரிங்க."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. தோழியின் காலடிச் சத்தம் அறைக்கதவைத் தாண்டும்வரை கண்ணைத் துடைக்கவில்லை.