அனுப்பியபடியே அடிப்போம்

எங்கள் ஃபிளக்ஸ் கடைக்கு யார் போன் செய்தாலும் நான் பாடுவது ஒரே பாட்டுதான்.

"இன்னைக்கே வேணும்னா மத்தியானத்துக்குள்ள அனுப்பிருங்க, சாயங்காலம் தந்துருவோம். போட்டோவ வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா மங்கிரும். எழுத்த டைப் அடிச்சு அனுப்புங்க, அனுப்புனபடியே அடிப்போம். மாதிரியப் பாத்து நீங்க ஓகே சொன்னாத்தான் மிஷினுக்குப் போகும்."

தானியேல் சாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் மனைவி சாரம்மாள் டீச்சருக்கு அன்று மாலை பணி ஓய்வு விழா. போட்டோ ஒழுங்காக வந்தது, வாழ்த்தும் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு வரி: "சாரா, சாப்பிட்டு மாத்திரையப் போடு."

மாதிரியை அனுப்பி, "கடைசி வரியும் வேணுமா சார்?" என்று கேட்டேன். ஓகே என்று பதில் வந்தது. அடித்துவிட்டோம்.

சாயங்காலம் வந்தவர் பேனரை விரித்து, கண்ணாடியை மாட்டிப் படித்தார். முகம் மாறிவிட்டது. நான் சண்டைக்குத் தயாரானேன்.

"நான் கேட்டேம்லா சார்? நீங்கதான ஓகே சொன்னிய?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. "இது அவளுக்கு அனுப்புனதும்மா. அப்போ அவ இன்னும் மாத்திரை போடலியே!" என்று போனை எடுத்தார்.

அவர் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருக்க, நான் கத்திரியால் அந்தக் கடைசி வரியை மட்டும் நறுக்கினேன். குப்பைக்கூடைப் பக்கம் திரும்பியதும், போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் கையைப் பிடித்தார்.

"போட்டுறாத தாயி. அடுக்களையில ஒட்டணும். தெனமும் மறக்கா."