நிழல் பக்கத்து வெளுப்பு

எடிட்டரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது வீட்டுக்காரர்தான். கேலிக்கு வைத்த பெயர், வருகிறவர் போகிறவர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவர் படம் எடுப்பார், அவள் கணினி முன் உட்கார்ந்து திருத்துவாள். ஸ்டூடியோவில் வேலையும் பாதிப் பாதி, சண்டையும் பாதிப் பாதி.

நீச்சல் கிளப்பின் ஊழியர் படங்கள் இருபத்து மூன்று வந்தபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். கிளப் நுழைவாயில் சுவரில் மாட்டுவதற்கான படங்கள். பயிற்சி முடிந்த கையோடு, குளத்தை ஒட்டிய அறையிலேயே எல்லோரையும் நிற்க வைத்து எடுத்திருந்தார் மனுஷன். ஈரமும் வேர்வையுமாக ஒவ்வொரு நெற்றியும் மூக்கும் வாணலி மாதிரி மின்னின. ஒரு துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டாள். அதற்குத்தானே நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு அவர் லென்ஸ் துடைக்கப் போய்விட்டார்.

அவள் இருந்தாள்தான். அவளிடம் லூமினாசிட்டி மாஸ்க் இருந்தது. படத்தில் எந்த இடம் எவ்வளவு வெளிச்சமோ, அதை மட்டுமே வைத்து உருவாகும் கறுப்பு வெள்ளைத் திரை அது. வெள்ளையான இடத்தில் திருத்தம் முழுசாக இறங்கும், சாம்பலில் அரைகுறையாக இறங்கும், கறுப்பில் இறங்கவே இறங்காது. அப்படியே விட்டால் வெள்ளைச் சட்டையையும் சுவர் டைல்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் தோலின் நிறத்தை வைத்து இன்னொரு தேர்வும் செய்து, இரண்டுக்கும் பொதுவான இடத்தை மட்டும் நிறுத்திக்கொண்டாள். பளபளப்பில் தோலின் நிறமே வெளுத்துப்போகும் என்பதால் அந்தத் தேர்வைத் தாராளமாகவே விரித்தாள். பிறகு அந்த இடங்களின் வெளிச்சத்தைத் தணித்து, அவரவர் கன்னத்து நிறத்தையே எடுத்து மேலே ஊட்டினாள். முதல் படத்தில் நன்றாக வந்தது. செய்ததையெல்லாம் தானாகத் திரும்ப ஓடும் ஓர் ஆக்‌ஷனாகப் பதிந்து, மீதி இருபத்திரண்டுக்கும் ஒரே மூச்சில் ஓடவிட்டாள். காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. படங்களைச் சின்னச் சின்னதாக ஒரு பார்வை பார்த்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு அனுப்பியும் வைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் கிளப்பின் கோச் நேரில் வந்தார். நாற்பதை நெருங்கும் பெண், கழுத்தில் விசில், கையில் தன் படத்தின் பிரதி. முகத்தைப் பார்த்ததுமே எடிட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. வாயைச் சுற்றியும் இரண்டு கண் ஓரங்களிலும் வெண்புள்ளி படர்ந்திருந்தது. படத்தில் அது இல்லை. கண்ணை இடுக்கித் தேடினால் லேசான ஒரு மங்கல் தெரியும், அவ்வளவுதான்.

கோச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பன்னிரண்டு வருஷமாக மேக்கப் போட்டு மறைத்தவர் அவர். காலையில் ஒரு மணி நேரம் அதற்கே போகும்.

"முகத்த நனைக்காம நீச்சல் சொல்லிக்குடுத்த ஒரே கோச் நானாத்தான் இருப்பேன்," என்றார். "போன மாசந்தான் போதும்னு விட்டேன். மேக்கப் இல்லாம நான் நின்ன மொதப் படம் இது. அதையும் நீங்க மூடிட்டீங்க."

படம் எடுக்கும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார், எதையும் மறைக்க வேண்டாம் என்று. அந்த மகராசன் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் வந்து மூச்சுவிடவில்லை. இப்போது உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, பார்த்த வேகத்தில் தலையை இழுத்துக்கொண்டார். அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குற்றம் தன்னுடையது என்று எடிட்டரம்மாவுக்குத் தெரியும். ஒரு முகத்தை ஒரு நிமிஷம் பெரிதாக்கிப் பார்க்காமல் அனுப்பியவள் அவள்தானே. வெட்கமாக இருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு, கோச்சைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அசலும் திருத்தமும் தனித்தனி லேயர்களாகச் சேமித்த கோப்பைத் திறந்து மாஸ்க்கை மட்டும் காட்டினாள். கறுப்புத் திரையில் நெற்றியும் மூக்குத்தண்டும் வெள்ளையாக எரிந்தன. வாயைச் சுற்றியும் கண் ஓரங்களிலும் அதே வெள்ளை.

"நான் வேணும்னு செய்யல, கோச். வேர்வ மின்னுறதும் தோல் வெளுத்திருக்குறதும் இதுக்கு ஒண்ணுதான். வெளிச்சமா இருக்கான்னு மட்டுந்தான் பார்க்கும். பார்த்துப் பிரிச்சிருக்க வேண்டியவ நான்."

திருத்தத்தையே எடுத்துவிடவா என்று கேட்டாள். கோச் யோசித்துவிட்டு, மூக்கு மின்னுவது தனக்கும் பிடிக்கவில்லை, அது போகட்டும், மற்றது இருக்கட்டும் என்றார். அப்படியென்றால் மாஸ்க்கில் புள்ளிகள் உள்ள இடங்களில் மட்டும் கறுப்பைப் பூச வேண்டும். பூசினால் அங்கே திருத்தம் விலகி, அடியில் இருக்கும் அசல் வெளியே வரும். ஆனால் எது எங்கே முடிகிறது என்று எடிட்டரம்மாவுக்குத் தடுமாறியது. மேல் உதட்டின் மீது வேர்வையும் வெண்மையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"குடுங்க," என்று கோச் அவள் கையிலிருந்த கணினிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

பலகையில் ஓடும் அந்தப் பேனாவை அவர் பிடித்ததே இல்லை. இரண்டு கோடு இழுத்துப் பழகியதும் கை தானாகப் போயிற்று. பன்னிரண்டு வருஷம் தினமும் தொட்டுத் தொட்டு மூடிய ஓரங்கள். எந்த வளைவு எங்கே திரும்பும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பு பரவப் பரவ, திரையில் முகம் திரும்பி வந்தது. கடைசிக் கண் ஓரத்தையும் முடித்துவிட்டு, "இப்ப நான்தான்," என்று சிரித்தார். எடிட்டரம்மாவுக்கும் மனசு லேசாயிற்று.

அச்சுக்கு அனுப்பும் முன் மாஸ்க்கை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். இந்தத் தடவை அவசரப்படக் கூடாதே. அப்போதுதான் வலது தாடைக்குக் கீழே, நகத்தளவில் ஒரு சாம்பல் திட்டு கண்ணில் பட்டது. வேர்வையாக இருக்கும் என்று கையை எடுக்கப் போனவள் நின்றாள். விளக்கு இருந்தது இடது பக்கம். படத்தின் வலது தாடை முழுக்க நிழல். நிழலில் வேர்வை எப்படி மின்னும்? திருத்தத்தை அணைத்து அசலைப் பார்த்தாள். நிழலுக்குள் ஒரு வெளுப்பு, ஓரம் தெளிவாக.

அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அதையும் பூசியிருப்பார். சும்மா விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, திருத்தம் அதைப் பாதியாவது மூடிவிடும். பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் விட்டால், அவள் மூன்று நாளுக்கு முன்னால் தெரியாமல் செய்ததை இன்று தெரிந்தே செய்தவள் ஆவாள்.

"கோச், இந்த எடம். இது மின்னல. வெளக்கு அந்தப் பக்கமே இல்ல."

கோச்சின் கை தாடைக்குப் போனது. எழுந்து ஸ்டூடியோ கண்ணாடி முன் நின்று, முகத்தை மேலே தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது புதுசு," என்றார்.

தானே பூசிவிடட்டுமா, இல்லை இப்படியே இருக்கட்டுமா என்று எடிட்டரம்மா மெதுவாகக் கேட்டாள்.

கோச் கையை நீட்டினார். பேனா கைக்குப் போனது. மற்ற இடங்களில் ஓடிய கை இங்கே ஓடவில்லை. கொஞ்சம் பூசினார், நிறுத்தினார், திரையருகே குனிந்தார்.

"இங்க முடியுதா?"

"இல்ல, கோச். இன்னும் கொஞ்சம் கீழ போகுது."